வரி என்னுடையது, வரிசை யாருடையது?

மைக்கறை | பிப்ரவரி 9, இரவு 11.20

நேராகவே கேட்டுவிடுகிறேன். பகலில் அலுவலகம், மாலையில் மேலாண்மைப் பட்டயப் படிப்பு. "இரவுப் பணியில் பதிவுத் தவறுகள் ஏன் கூடுகின்றன" என்று 1,500 சொற்களில் ஓர் அசைன்மென்ட். சாட்ஜிபிடியிடம் ஒரு வரைவு எழுதச் சொன்னேன். வந்ததை அப்படியே கொடுக்கவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து ஒரு வாக்கியம் விடாமல் மாற்றி எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வரிகூட ஒத்துப்போகாது.

கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. "இது முழுவதும் என் சொந்தப் படைப்பு, பயன்படுத்திய கருவிகளைக் குறிப்பிட்டிருக்கிறேன்." கையெழுத்துப் போடலாமா? கருவியின் பெயரையும் எழுத வேண்டுமா?

என் கட்சி: போடலாம், எழுத வேண்டியதில்லை. அலுவலகத்தில் வாரம் மூன்று அறிக்கை இப்படித்தான் தயாராகிறது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

வரிவரியாக | பிப்ரவரி 9, இரவு 11.48

தாராளமாகப் போடுங்கள். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் டர்னிடின் கருவி 20 சதவீதத்துக்குக் கீழே எண்ணே காட்டாது, ஒரு நட்சத்திரக் குறி மட்டும் வரும். அதாவது அந்த அளவு வரை அனுமதி. நீங்கள் முழுவதும் மாற்றிவிட்டதால் அதுவும் வராது.

சிவப்பு மை | பிப்ரவரி 10, காலை 6.15

நான் தாள் திருத்துகிறவள், பல வருடமாக.

வரிவரியாக சொன்னதில் நட்சத்திரக் குறி உண்மை. காரணம்தான் தவறு. 1 முதல் 19 வரையான எண்கள் வந்தால் தப்பான சந்தேகம் விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்த நிறுவனமே எண்ணை மறைக்கிறது. தன் அளவுகோலை அதுவே நம்பவில்லை என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கருவிகளை நானும் நம்புவதில்லை. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்புக் கருவி கொண்டுவந்தது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியதாகச் சொன்னது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிடினின் இந்த வசதியை அணைத்துவிட்டது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: முந்தைய ஆண்டு 75,000 தாள்கள் போயிருந்தன, பிழை ஒரே ஒரு சதவீதம் என்றாலும் சுமார் 750 தாள்கள் மீது வீண்பழி.

ஆகவே, மைக்கறை, மாட்டிக்கொள்வீர்களா என்பதை விட்டுவிடுங்கள். வேறொன்று கேட்கிறேன். இயந்திரம் தந்த வரைவில் பத்திகள் எந்த வரிசையில் இருந்தன, உங்கள் தாளில் எந்த வரிசையில் இருக்கின்றன என்று இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

மைக்கறை | பிப்ரவரி 10, மதியம் 1.05

வரைவு: அறிமுகம், களைப்பு, வெளிச்சக் குறைவு, மேற்பார்வைக் குறைவு, பரிந்துரைகள்.

என்னுடையது: அறிமுகம், களைப்பு, வெளிச்சக் குறைவு, மேற்பார்வைக் குறைவு, பரிந்துரைகள்.

எழுதிப் பார்த்தபோதே எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் என் உழைப்பைக் காட்டாமல் விடமாட்டேன். களைப்புப் பத்தியில் இயந்திரம் எழுதியது:

"இரவுப் பணியாளர்களின் கவனத்திறன் குறைவதால் தரவுப் பதிவில் பிழைகள் ஏற்படும் வாய்ப்பு கணிசமாக அதிகரிக்கிறது."

நான் எழுதியது:

"கண் செருகும் நேரத்தில் 6 என்பது 8 ஆகிவிடுகிறது, எழுதிய கைக்கே அது தெரிவதில்லை."

ஒரு சொல்லாவது பொதுவாக இருக்கிறதா?

கடைசி பெஞ்சு | பிப்ரவரி 10, மதியம் 1.30

எனக்கு ஒன்று புரியவில்லை. நகல் சோதனையில் எத்தனை சதவீதம் வந்தது? எனக்கு 4 தான் வந்தது. 10க்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை என்று எங்கள் துறையில் சொன்னார்கள்.

சிவப்பு மை | பிப்ரவரி 10, இரவு 8.40

கடைசி பெஞ்சு, நீங்கள் சொல்வது வேறு சோதனை. வேறு எங்கோ இருக்கும் எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு பொருந்துகிறது என்பதை அது பார்க்கிறது. இயந்திரம் எழுதுவது பெரும்பாலும் எங்கும் அப்படியே இருக்காது. 4 என்ன, 0 கூட வரலாம்.

மைக்கறை, உங்கள் வாக்கியம் நன்றாக இருக்கிறது. என் கையில் வந்திருந்தால் ஓரத்தில் ஒரு கோடு போட்டிருப்பேன். ஆனால் மொழிநடைக்கு என் மதிப்பெண் தாளில் கிடைப்பது சிறு பங்கு. எந்தக் காரணங்களை எடுத்தீர்கள், எவற்றைத் தள்ளினீர்கள், ஏன் தள்ளினீர்கள், அதற்கு என்ன சான்று என்பதற்குத்தான் பெரும் பங்கு. அந்த நான்கும் வரைவிலேயே முடிந்துவிட்டன. நீங்கள் சட்டையை மாற்றியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் ஆள் அதே ஆள்.

இதை எப்படித் தெரிந்துகொள்வேன் என்கிறீர்களா? சாதாரணமாக ஒரு கேள்வி கேட்பேன். "ஏன் இந்த மூன்று காரணம்? நான்காவதாக ஒன்றை யோசித்தீர்களா?" தானே அலசி எழுதியவர் கைவிட்ட காரணங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார், நிறுத்துவதே கஷ்டம். மாற்றி எழுதியவர் எழுதியதையே திரும்பச் சொல்வார்.

மைக்கறை | பிப்ரவரி 10, இரவு 11.55

கண்ணாடி முன் நின்று பதில் சொல்லிப் பார்த்தேன். எழுதியதையே திரும்பச் சொன்னேன்.

மைக்கறை | பிப்ரவரி 12, இரவு 10.30

இரண்டு நாளாக ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். நான்காவது காரணம் தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, என் மேசை இழுப்பறையில் இருந்தது.

எங்கள் இரவுப் பணிப் பதிவேட்டில் கடந்த மூன்று மாதத் திருத்தங்களை எண்ணிப் பார்த்தேன். திருத்தம் என்றால் சிவப்பில் அடித்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கும், கண்டுபிடிப்பது சுலபம். பாதிக்கும் மேற்பட்டவை பணி மாறும் அந்த அரை மணி நேரத்தில் விழுந்திருக்கின்றன. நள்ளிரவு தாண்டி, எல்லோருக்கும் கண் செருகும் நேரத்தில் அவ்வளவு இல்லை. பணி முடிப்பவர் "அடுத்தவர் எழுதிக்கொள்வார்" என்று விடுகிறார். வருகிறவர் "இவர் எழுதியிருப்பார்" என்று நினைக்கிறார். ஒன்று பதிவே விடுபடுகிறது, இல்லையேல் இரண்டு முறை ஏறுகிறது.

எத்தனையோ வருடமாக அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவன் நான். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனால் வரைவைத் திறந்ததும் களைப்பு, வெளிச்சம், மேற்பார்வை என்று மூன்று தலைப்பு ஒழுங்காக நின்றன. அவற்றை நன்றாக எழுதுவதில் மும்முரமாகிவிட்டேன். எங்கள் கூடத்தில் வெளிச்சத்துக்குக் குறைவே கிடையாது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இல்லாத இருட்டைப் பற்றி அழகான ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

முதல் பதிவில் "என் கட்சி: போடலாம்" என்றேன். அதை வாபஸ் வாங்குகிறேன். பாதியை மட்டும், அலுவலகம் பற்றிச் சொன்னது நிற்கிறது.

கோப்பு எண் 7 | பிப்ரவரி 13, காலை 9.10

அதுவும் நிற்காது. நான் ஒரு நிறுவனத்தில், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இதே தலைவலிதான் தினமும்.

அலுவலகத்தில் உங்களை யாரும் கேட்காததற்குக் காரணம், அங்கே யார் எழுதினார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அறிக்கைக்குக் கீழே இருப்பவர் பெயருக்குத்தான் பொறுப்பு. பழைய அறிக்கையை எடுத்துத் தேதி மாற்றி அனுப்புவதும், இளையவர் எழுதியதில் மேலாளர் கையெழுத்திடுவதும் அங்கே குற்றமல்ல. கல்லூரியில் இரண்டுமே குற்றம்.

ஆனால் அலுவலகத்துக்கு வேறு இரண்டு கேள்விகள் உண்டு. இயந்திரத்துக்குள் எதைப் போட்டீர்கள்? வெளியே வந்ததைச் சரிபார்த்தீர்களா? 2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் உள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு இத்தகைய கருவிகளை நிறுவனம் தடை செய்தது. யார் எழுதினார் என்ற சண்டையே அங்கே வரவில்லை, எது வெளியே போனது என்பதுதான் பிரச்சினை.

மைக்கறை, வாரம் மூன்று அறிக்கை என்றீர்களே. வரைவு கேட்கும்போது வாடிக்கையாளர் பெயர், எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் ஒட்டினீர்களா?

மைக்கறை | பிப்ரவரி 13, காலை 9.14

பதில் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கோப்பு எண் 7 | பிப்ரவரி 13, காலை 9.16

அதுவே பதில்.

வரிவரியாக | பிப்ரவரி 13, மாலை 5.50

அப்படியானால் அலுவலகத்தில் உள்ளே போடுவதில் கவனமாக இருந்தால் போதும், வெளியே சொல்லவே வேண்டியதில்லை. ஐரோப்பியச் சட்டமும் அதைத்தானே சொல்கிறது? மனிதர் பார்த்துவிட்டால் அறிவிக்க வேண்டாம் என்று படித்தேன்.

கோப்பு எண் 7 | பிப்ரவரி 13, இரவு 9.25

இந்த முறையும் பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் வரும் அந்த விதி, பொது விஷயங்களில் மக்களுக்குத் தகவல் சொல்ல வெளியிடப்படும் எழுத்தைப் பற்றியது. இயந்திரம் எழுதியதென்றால் அறிவிக்க வேண்டும். மனிதர் அதைப் பரிசீலித்து, ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் பதிப்புப் பொறுப்பை ஏற்றால் விலக்கு. சும்மா பார்த்தால் போதாது, பொறுப்பேற்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கைக்கு இது பொருந்தவும் பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

எழுதுகிறவர்களே நேரடியாக நூல் வெளியிடும் அமேசானின் கிண்டில் நேரடிப் பதிப்பு விதி இதற்கு நேர் எதிர். 2023 செப்டம்பரில் வந்தது. இயந்திரம் எழுதிய உள்ளடக்கத்தை நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் அது இயந்திரம் எழுதியதுதான், அமேசானிடம் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதை இயந்திரம் மெருகேற்றினால் சொல்ல வேண்டியதில்லை. முதலில் யார் எழுதினார் என்பதை மட்டும் அவர்கள் பார்க்கிறார்கள். மைக்கறையின் முதல் வரைவு அங்கே போயிருந்தால் அறிவிப்புப் பெட்டியில் டிக் போட்டே ஆக வேண்டும், அந்த 6, 8 வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஆஸ்திரேலியாவில் 2025இல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டெலாய்ட் நிறுவனம் அரசுத் துறை ஒன்றுக்குச் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்தது. இல்லாத ஆய்வுகள் அடிக்குறிப்பில் இருப்பதை ஒரு கல்வியாளர் கண்டுபிடித்தார். திருத்திய பதிப்பில்தான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாக ஒரு குறிப்பு சேர்ந்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். முதலிலேயே அந்தக் குறிப்பு இருந்திருந்தால் யாராவது அடிக்குறிப்புகளை முன்பே தட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நடுவழி | பிப்ரவரி 14, காலை 7.30

இடையில் என் கதை. நான் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே அசைன்மென்ட் எழுதுகிறேன். பிறகு இயந்திரத்தைக் கொண்டு ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தைக் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கிறேன். வரிசை என்னுடையது, வரி ஒன்றுகூட என்னுடையது இல்லை. மைக்கறைக்கு நேர் தலைகீழ். நான் குற்றவாளியா?

சிவப்பு மை | பிப்ரவரி 14, இரவு 9.00

நடுவழி, வரலாற்றுத் தாள் என்றால் ஒரு வரிக் குறிப்போடு நான் ஏற்றுக்கொள்வேன். ஆங்கிலத் தாள் என்றால் மாட்டேன், அங்கே அளக்கப்படுவதே வரிதான். என் பக்கத்து அறை ஆசிரியர் இரண்டையும் ஏற்கமாட்டார். உங்கள் பாடத்திட்டக் கையேட்டில் இருப்பதுதான் செல்லும், என் கருத்து செல்லாது.

நீங்கள் அஞ்சுவதற்கு ஒரு காரணம் இருப்பதும் தெரியும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதைக் கருவி இயந்திரத்தின் பழக்கமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே தமிழ்ப் பிரதியை அழிக்காதீர்கள். தேதியோடு வைத்திருங்கள். உங்களுக்குச் சாட்சி அதுதான்.

ஒரு தாளில் இயந்திரத்தை எவ்வளவு பயன்படுத்தலாம் என்று சொல்ல, பல கல்லூரிகள் எடுத்துக்கொண்ட ஐந்து படி அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதன் முதல் வடிவத்தில் மூன்றாம் படி இதற்காகவே இருந்தது: இயந்திரத்தைக் கொண்டு மொழியைத் திருத்தலாம், ஆனால் திருத்துவதற்கு முந்தைய உங்கள் சொந்தப் பிரதியைப் பின்னிணைப்பில் கொடுக்க வேண்டும்.

மைக்கறைக்கு வருகிறேன். பிரிட்டனில் தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பான ஜேசிக்யூ, பாடப்பணிக்கு என்ன கேட்கிறது தெரியுமா? கருவியின் பெயர், பதில் பெற்ற தேதி, நீங்கள் கேட்ட கேள்வி, வந்த பதில். கேள்வியும் பதிலும் திருத்த முடியாத வடிவில், ஸ்கிரீன்ஷாட் போல. அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று சிறு விளக்கம். இத்தனையும் கொடுத்தாலும் இயந்திரம் செய்த பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. அறிவிப்பது நேர்மைக்கு, மதிப்பெண்ணுக்கு உங்கள் பங்கு தனியாக இருக்க வேண்டும். மாணவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "நான்தான் சொல்லிவிட்டேனே, ஏன் குறைத்தீர்கள்" என்று சண்டைக்கு வருவார்கள்.

வரிவரியாக | பிப்ரவரி 14, இரவு 9.20

சொன்னால் மதிப்பெண் குறையும், சொல்லாவிட்டால் குறையாது. இதில் யார் சொல்வார்?

சிவப்பு மை | பிப்ரவரி 14, இரவு 9.45

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நேரில் கேள்வி கேட்பதை ஒழுங்காக வைத்தால் சொல்லாதவருக்கும் குறையும். ஆனால் ஒரு வகுப்பில் அறுபது பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். அந்த நேரத்தை எனக்கு யாரும் தருவதில்லை.

மைக்கறை | பிப்ரவரி 16, இரவு 11.40

புதிதாக எழுதி முடித்தேன். வரைவை மூடிவைத்துவிட்டுப் பதிவேட்டிலிருந்து தொடங்கினேன். இந்த முறை பணி மாற்றம்தான் தாளின் உடம்பு. வெளிச்சம் ஏன் காரணமில்லை என்று நான்கு வரி. மேற்பார்வை பணி மாற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டது, ஏனெனில் மேற்பார்வையாளரும் அதே அரை மணியில்தான் மாறுகிறார். வரைவிலிருந்து தங்கியது களைப்புப் பத்தி ஒன்றுதான், அதுவும் சுருங்கி.

ஆசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, பழைய வரைவைச் சொல்லிக் கேட்டேன். வரைவைப் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னார், பத்து நிமிடம் நேரில் பேசவும் அழைத்தார். தாளோடு நான் வைக்கும் குறிப்பு இது:

"பிப்ரவரி 6 அன்று இந்தத் தலைப்பில் சாட்ஜிபிடியிடம் ஒரு முழு வரைவு பெற்றேன். கேட்ட கேள்வியும் வந்த பதிலும் பின்னிணைப்பில். அந்த வரைவின் அமைப்பைக் கைவிட்டேன். களைப்பு பற்றிய இரண்டாம் பத்தியின் கருத்து அதிலிருந்து வந்தது; வாக்கியங்கள் என்னுடையவை. பதிவேட்டுக் கணக்கும் மற்றப் பத்திகளும் நான் செய்தவை. பதிவேட்டுத் தகவல் எதையும் கருவியில் இடவில்லை."

கடைசி வரி கோப்பு எண் 7க்குக் காணிக்கை. தாளில் பதிவேட்டைப் பயன்படுத்த அலுவலகத்தில் அனுமதியும் வாங்கினேன், பெயர்களை நீக்கும் நிபந்தனையோடு.

கையோடு அலுவலக அறிக்கை ஒன்றிலும் இதே போல ஒரு குறிப்பு வைத்துப் பார்த்தேன். மேலாளர் படித்துவிட்டு, "இது எதற்கு? எண்கள் சரியா?" என்றார். சரி என்றேன். குறிப்பை அடித்துவிட்டு அனுப்பிவிட்டார்.

கோப்பு எண் 7 | பிப்ரவரி 17, காலை 9.05

அறிக்கை உள்ளேயே சுற்றுவதாக இருந்தால் உங்கள் மேலாளர் செய்ததில் தவறில்லை. வாடிக்கையாளருக்குப் போனதா? போனது என்றால் ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். இப்போது பலர் இதற்கென்றே ஒரு விதி சேர்க்கிறார்கள். மேலாளருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மைக்கறை | பிப்ரவரி 17, காலை 9.30

போனது. பார்க்கிறேன்.

கடைசி பெஞ்சு | பிப்ரவரி 17, மதியம் 2.10

எல்லாம் படித்தேன். நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. 4 சதவீதம் நல்லதா, கெட்டதா?

மைக்கறை | பிப்ரவரி 21, இரவு 8.15

இன்று நேரில் பேசினேன். வெளிச்சத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. சிவப்பு மை சொன்னது போல நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. மதிப்பெண் இன்னும் வரவில்லை.

ஒரு வேடிக்கை. தாளில் ஒரே ஒரு வாக்கியத்தின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். 6, 8 வாக்கியம். "இது அந்த வரைவில் இருந்ததா?" என்றார். பின்னிணைப்பைத் திருப்பி இயந்திரத்தின் வாக்கியத்தைக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் படித்தார். கேள்விக்குறியை அழித்தார், கோட்டை அப்படியே விட்டுவிட்டார்.